மூன்று தேர்விலும் 48-ஐத் தாண்டவில்லை. திருத்திய விடைத்தாளில் மதிப்பெண் போன இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கார்த்திகைப்பூ:
பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ் வழியில் படிக்கிறேன். இயற்பியல் எழுத்துத் தேர்வில் 70-க்கு காலாண்டில் 46, அரையாண்டில் 48, முதல் திருப்புதலில் 47. ஒவ்வொரு தேர்வுக்கும் முந்தையதைவிட அதிகமாகத்தான் படித்தேன், ஆனால் எண் நகரவே இல்லை. எங்கள் சார் விடைத்தாளைக் கொடுக்கும்போது "கவனக்குறைவு" என்று மட்டும் சொல்கிறார். மூன்று விடைத்தாளும் கையில் இருக்கின்றன. அரையாண்டில் ஒரு மதிப்பெண் பகுதியில் 11, இரண்டு மதிப்பெண் பகுதியில் 9½, மூன்று மதிப்பெண் பகுதியில் 12½, ஐந்து மதிப்பெண் பகுதியில் 15. இழந்தது 22. இந்த 22 எங்கே போனது என்று சரியாகத் தெரிய வேண்டும். விடைத்தாளைத் திறந்தால் சிவப்பு மை தெரிகிறது, அதற்கு மேல் என்ன பார்ப்பது என்று தெரியவில்லை.

தாமரைக்குளம்:
மறுமதிப்பீடு கேட்பதாக இருந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும்மா. நகல் வாங்கியவர்கள்தான் அப்புறம் மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போக முடியும். என் பெரியவனுக்கு வேதியியலுக்கு அப்படித்தான் செய்தோம். தேதியைத் தவறவிட்டால் எதுவும் செய்ய முடியாது, பள்ளியில் கேட்டு வை.

கார்த்திகைப்பூ:
நன்றி அம்மா. அது பொதுத் தேர்வுக்கு. என்னிடம் இருப்பது பள்ளித் தேர்வுகளின் விடைத்தாள்கள். மதிப்பெண்ணை ஏற்றிக் கேட்க வரவில்லை. பொதுத் தேர்வில் அதே இடத்தில் மறுபடியும் போகக் கூடாது, அவ்வளவுதான்.

மணல்மேடு:
நான் போன வருடம் எழுதினேன். ரொம்ப எளிது. ஒரு தாளில் பதினோரு பாடங்களின் பெயரையும் எழுது. ஒவ்வொரு கேள்வியிலும் எத்தனை மதிப்பெண் போனது என்று அந்தந்தப் பாடத்துக்கு நேரே குறி. எந்தப் பாடத்தில் அதிகமாகப் போயிருக்கிறதோ அதைத் திரும்பப் படி. எனக்கு நிலை மின்னியலும் கதிர் ஒளியியலும்தான் பலவீனம் என்று அப்படித்தான் தெரிந்தது. கணக்கில் தப்பு விட்டதையெல்லாம் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடு, பயிற்சி செய்தால் சரியாகிவிடும்.

கரும்பலகை:
அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். திருத்தும் முகாமில் உதவித் தேர்வாளராகவும் முதன்மைத் தேர்வாளராகவும் உட்கார்ந்திருக்கிறேன். மணல்மேடு தம்பி சொன்ன பாடவாரிப் பட்டியல் தவறில்லை, எந்தப் பாடத்தைப் படிக்கவே இல்லை என்பதை அது காட்டும். ஆனால் மூன்று தேர்விலும் ஒரே எண்ணில் நிற்கும் பிள்ளைக்கு அது போதாது. அவளுடைய இழப்பு பெரும்பாலும் படித்த பாடத்துக்குள்தான் இருக்கும்.

முதல் வேலை, கூட்டலைச் சரிபார். உள்ளே போட்ட எண்கள் எல்லாம் முகப்புப் பக்கத்துக்கு வந்திருக்கிறதா, நடுவில் விட்டுவிட்டு கடைசிப் பக்கத்தில் தொடர்ந்து எழுதிய விடை ஏதும் திருத்தப்படாமல் இருக்கிறதா என்று பார். முகாமில் இதற்காகவே கூர்ந்தாய்வு அலுவலர் ஒருவர் இருப்பார். பள்ளித் தேர்வில் அந்த இரண்டாவது கண் பெரும்பாலும் கிடையாது.

அடுத்ததுதான் முக்கியம். ஒரு நோட்டை எடு. முழு மதிப்பெண் வாங்காத ஒவ்வொரு கேள்விக்கும், எந்த வரி இல்லாததால் அல்லது எந்த வரி தப்பானதால் மதிப்பெண் போனது என்று அந்த வரியையே எழுது. "கணக்கு தப்பு" என்று எழுதாதே. தப்பான வரியை அப்படியே எழுதி, அதன் கீழே வர வேண்டிய வரியை எழுது. அரை மதிப்பெண் என்றாலும் விடாதே. "கவனக்குறைவு" என்ற சொல் அந்த நோட்டில் வரவே கூடாது. அது காரணம் இல்லை, காரணம் தேடுவதை நிறுத்துவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்.

மூன்று தாளுக்கும் இப்படி எழுதிவிட்டு, கேள்வி எண்ணையும் பாடத்தையும் மறந்துவிட்டு அந்த வரிகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பார். அப்புறம் இங்கே போடு.

செமஸ்டர்:
நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் முடிவு வந்ததும் விடைத்தாள் நகல் கேட்டு வாங்கலாம். ஒரு பாடத்தில் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்ததால் நான் வாங்கினேன். தப்பு எங்கே என்று தேடினால் தப்பே அதிகம் இல்லை. பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கும் அரைப் பக்கத்துக்குக் குறையாமல் எழுதியிருந்தேன். கடைசி 15 மதிப்பெண் கேள்விக்கு ஒரு பக்கம்கூட வரவில்லை. கையெழுத்தே காட்டிக்கொடுக்கிறது, முன்பக்கங்களில் நிதானமாக இருக்கிறது, கடைசியில் கோடு கோடாக ஓடுகிறது. என்ன எழுதினோம் என்பதோடு எத்தனை பக்கத்தை எதற்குக் கொடுத்தோம் என்பதையும் பாருங்கள். +2-வுக்கும் இது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன், மூன்று மணி நேரம்தானே.

கார்த்திகைப்பூ:
கரும்பலகை சார், மூன்று தாளையும் எழுதிப் பார்த்துவிட்டேன். கூட்டல் சரியாக இருந்தது. அரையாண்டில் 31-வது கேள்வியின் தொடர்ச்சி கடைசிப் பக்கத்தில் திருத்தப்படாமலே இருக்கிறது, மேலே "தொடர்ச்சி பின்னால்" என்று நான் எழுதவில்லை.

கணக்குகளில் ஒன்று தெரிந்தது. அதை மட்டும் அப்படியே போடுகிறேன்.

காலாண்டில் இணைத்தட்டு மின்தேக்கி. சதுரத் தட்டின் பக்கம் 5 செ.மீ, தட்டுகளுக்கு இடைத்தொலைவு 1 மி.மீ. நான் எழுதியது A = 25 × 10⁻² m². வர வேண்டியது A = 25 × 10⁻⁴ m².

அரையாண்டில் 33-வது, கட்டாயக் கேள்வி. தாமிரக் கம்பியின் குறுக்குப்பரப்பு 0.5 மி.மீ², மின்னோட்டம் 0.2 A, இழுப்புத் திசைவேகம் கேட்டிருந்தார்கள். நான் A = 0.5 × 10⁻³ m² என்று எழுதினேன். வர வேண்டியது 0.5 × 10⁻⁶ m².

திருப்புதலில் 40 செ.மீ² பரப்புள்ள சுருள், 0.5 T காந்தப்புலம் சுருளின் தளத்துக்குச் செங்குத்து, காந்தப்பாயம் எவ்வளவு என்று கேள்வி. நான் எழுதியது 0.2 Wb. வர வேண்டியது 2 × 10⁻³ Wb.

மூன்றும் மூன்று பாடம். அதனால்தான் இதுவரை ஒன்றாகத் தெரியவில்லை. மூன்றிலும் சூத்திரம் சரி. மூன்றிலும் பரப்பளவை மாற்றும் இடத்தில்தான் போயிருக்கிறது.

கரும்பலகை:
இதைத்தான் எதிர்பார்த்தேன். பாடவாரியாகப் பிரித்திருந்தால் மின்தேக்கிக்கு ஒன்று, மின்னோட்டவியலுக்கு ஒன்று, மின்காந்தத் தூண்டலுக்கு ஒன்று என்று சிதறியிருக்கும். மூன்று பாடத்தையும் திரும்பப் படித்திருப்பாய், நான்காவது தேர்விலும் இதே இடத்தில் போயிருக்கும்.

ஆனால் ஒன்றை உறுதி செய்துகொள். நீளத்தை மாற்றும் இடங்களில் என்ன செய்திருக்கிறாய்? மின்தேக்கிக் கணக்கில் 1 மி.மீ-ஐ 10⁻³ m என்று சரியாகத்தானே போட்டிருக்கிறாய்? மற்ற கணக்குகளில் நானோமீட்டர், சென்டிமீட்டர் வந்த இடங்களையும் பார். அவை எல்லாம் சரியாக இருந்தால் இது கவனத்தின் குறை இல்லை. கவனம் சிதறியிருந்தால் அங்கேயும் சில இடங்களில் போயிருக்கும். பரப்பில் மட்டும் எப்போதும் போகிறது என்றால், அலகின் மேல் இருக்கும் 2 என்ற அடுக்கு 10-இன் அடுக்குக்கும் சேர வேண்டும் என்பது உன் கைக்கு வரவில்லை என்று பொருள். 1 செ.மீ² என்பது (10⁻² m)², அதாவது 10⁻⁴ m². அடைப்புக்குறி போட்டு ஒரு வரி கூடுதலாக எழுதப் பழகு. கன அளவுக்கும் இதே கதைதான், அங்கே அடுக்கு 3.

விடையைப் பார்த்தும் பிடிக்கலாம். அந்த இழுப்புத் திசைவேகத்துக்குச் சரியான விடை ஏறக்குறைய 3 × 10⁻⁵ m/s. உனக்கு 3 × 10⁻⁸ வந்திருக்கும். புத்தகத்தில் செய்த கணக்குகளில் எந்த அளவில் வந்தது என்று நினைவிருந்தால், ஆயிரம் மடங்கு குறைவாக வரும்போது பேனா தானாக நிற்கும்.

மணல்மேடு:
சார், நான் கவனக்குறைவு என்று ஒதுக்கச் சொன்னது இந்த மாதிரி இடத்துக்குப் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கில் சூத்திரத்தை முதலில் எழுதிவிட்டால் பாதி மதிப்பெண் வந்துவிடும், சூத்திரம் எழுதாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் சுழிதான் என்று எங்கள் பள்ளியில் சொன்னார்கள்.

கரும்பலகை:
முதல் பாதி ஏறக்குறைய சரி தம்பி, இரண்டாவது பாதி தவறு. முகாமுக்கு வரும் இயற்பியல் விடைக்குறிப்பின் பொதுக் குறிப்புகளில், கணக்கில் சூத்திரம் எழுதப்படாவிட்டாலும் மீதிச் சரியான படிகளுக்கு மதிப்பெண் தர வேண்டும் என்றே இருக்கும். போவது சூத்திரத்துக்கான பங்கு மட்டும். அதனால் சூத்திரத்தை விட்டுப் போன மதிப்பெண்ணையும் பிரதியிடலில் போன மதிப்பெண்ணையும் நோட்டில் தனித்தனியாகவே எழுத வேண்டும். முதலாவதை நாளைக்கே சரிசெய்துவிடலாம். இரண்டாவது அப்படி இல்லை.

பாப்பா, கணக்கு சரி. உன் அரையாண்டு எண்ணைப் பார்த்தால் 22-இல் 10 போனது ஐந்து மதிப்பெண் பகுதியில். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

கார்த்திகைப்பூ:
34-இலிருந்து 38 வரை முறையே 4, 3½, 3, 3, 1½. 38-வது மின்மாற்றி. நேரம் போதவில்லை, படமும் தத்துவமும் மட்டும் எழுதினேன். 36-வது மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம். அதில் ஏன் 2 போனது என்று எனக்குப் புரியவில்லை. கடைசி விடை புத்தகத்தில் இருப்பதேதான்.

கரும்பலகை:
36-இல் 1/(r−a)² − 1/(r+a)² என்ற வரிக்கு அப்புறம் என்ன எழுதியிருக்கிறாய்? அப்படியே சொல்.

கார்த்திகைப்பூ:
அதற்கு அடுத்த வரியே E = (1/4πε₀)(2p/r³).

கரும்பலகை:
போன 2 அங்கேதான் இருக்கிறது. நடுவில் 4ra/(r²−a²)² என்று வர வேண்டும். அப்புறம் r, a-ஐ விட மிகப் பெரியது என்பதால் (r²−a²)² என்பதை r⁴ என்று எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் 2aq என்பது p ஆகிறது. மின்புலம் வெக்டர் என்பதால் எந்தத் திசையில் என்பதும் வர வேண்டும். நீ தொடக்கமும் முடிவும் எழுதியிருக்கிறாய். r மிகப் பெரியது என்ற நிபந்தனை இல்லாமல் உன் கடைசி வரி வராது, அதனால் திருத்துபவர் கண் நேராக அங்கேதான் போகும்.

இப்போது ஒன்று செய். புத்தகத்தை மூடிவிட்டு அந்த நடு வரிகளை மட்டும் எழுதிப் பார். எழுத முடிந்தால் தேர்வில் அவசரத்தில் தாண்டியிருக்கிறாய். எழுத முடியாவிட்டால் முடிவை மனப்பாடம் செய்திருக்கிறாய். விடைத்தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மின்மாற்றியையும் இதே மாதிரி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு, வெள்ளைத்தாளில் எழுது.

அலகுமாறி:
நானும் இயற்பியல் ஆசிரியைதான், தனியார் பள்ளி. கரும்பலகை சார் சொல்வதில் பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் ஒன்று. பள்ளித் தேர்வில் திருத்துபவருக்குத் திருத்துபவர் அரை, ஒன்று மாறும். அதே வருவித்தலுக்கு நான் அந்த மாணவிக்கு 4 போட்டிருப்பேன், இடைப்படி ஒன்றுக்கு மட்டும் ஒரு மதிப்பெண் குறைத்து. ஒவ்வொரு அரை மதிப்பெண்ணையும் நோட்டில் எழுதினால் திருத்தியவரின் பழக்கத்தையும் சேர்த்து ஆராய்ந்துகொண்டிருப்பாள். ஒரே வரையறைக்குக் காலாண்டில் முழுதாகவும் அரையாண்டில் பாதியாகவும் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கரும்பலகை:
மேடம் சொல்வது நியாயம்தான். நான் வைத்துக்கொள்ளும் அளவு இது: புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, "என் விடையில் எதுவும் குறையவில்லை" என்று அந்தப் பிள்ளையால் வரிக்கு வரி காட்ட முடிந்தால் அந்த அரை மதிப்பெண்ணை விட்டுவிடலாம். காட்ட முடியாவிட்டால் நோட்டில் இருக்கட்டும். அந்த வருவித்தலுக்கு 3 கொடுப்பதா 4 கொடுப்பதா என்பதில் நான் இன்னும் 3 பக்கம்தான். நிபந்தனையும் இல்லை, திசையும் இல்லை.

அலகுமாறி:
திசையைப் படத்தில் குறித்திருந்தால்?

கரும்பலகை:
குறித்திருந்தால் 3½. படத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது மேடம்.

கார்த்திகைப்பூ:
படத்தில் +q, −q, தொலைவுகள் எல்லாம் இருக்கின்றன. மின்புலத்துக்கு அம்புக்குறி போடவில்லை.

எழுதிப் பார்த்தேன். இருமுனையின் நடு வரிகள் வந்துவிட்டன, அதனால் அது அவசரம்தான். மின்மாற்றி வரவில்லை. நேரம் இருந்தும் வரவில்லை. தத்துவம், படம், அமைப்பு வரை வருகிறது. மின்னழுத்த விகிதம் சுற்றுகளின் விகிதத்துக்குச் சமம் என்பது வருகிறது. ஏற்று மின்மாற்றியில் மின்னழுத்தம் கூடும்போது மின்னோட்டம் ஏன் குறைகிறது என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அரையாண்டு முடிந்ததிலிருந்து "38-வது நேரம் இல்லாமல் போனது" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், நானும் அதை நம்பினேன்.

கரும்பலகை:
நேரமும் ஒரு பங்கு எடுத்திருக்கலாம். ஆனால் நேரம் கிடைத்திருந்தாலும் பாதியில் நின்றிருப்பாய். ஆற்றல் இழப்பு இல்லாத மின்மாற்றியில் உள்ளே போகும் திறனும் வெளியே வரும் திறனும் சமம் என்பதில் தொடங்கு, VₚIₚ = VₛIₛ. மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டம் குறைந்தே ஆக வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலிருந்து வந்துவிடும்.

செமஸ்டர்:
அப்படியானால் பக்கக் கணக்கு பார்க்கச் சொன்ன என் யோசனை இந்த இடத்தில் தப்பான வழி காட்டியிருக்கும் போல. கடைசிக் கேள்வி சின்னதாக இருந்தால் நேரம்தான் காரணம் என்று நான் முடிவு கட்டியிருப்பேன். சார் சொன்ன மாதிரி என்னுடைய 15 மதிப்பெண் கேள்வியை இப்போது எழுதிப் பார்க்க வேண்டும். அது நேரமா இல்லையா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை.

தாமரைக்குளம்:
சின்னவன் +1 படிக்கிறான். அவன் பள்ளியில் விடைத்தாளை வகுப்பில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிவிடுகிறார்கள். பெற்றோர் கையெழுத்துக்கு மதிப்பெண் அட்டை மட்டும்தான் வருகிறது. அவன் இதை எப்படிச் செய்வது?

அலகுமாறி:
எங்கள் பள்ளியிலும் அப்படித்தான் அம்மா, தணிக்கைக்கு வைத்திருக்க வேண்டும் என்பார்கள். காட்டும் நாளில் ஒரு துண்டுத்தாளுடன் உட்காரச் சொல்லுங்கள். பக்கத்துப் பையன் எவ்வளவு வாங்கினான் என்று பார்ப்பதில்தான் பிள்ளைகளுக்கு அந்த நேரம் போய்விடுகிறது. கேள்வி எண், போன மதிப்பெண், தான் எழுதிய தப்பான வரி, இவ்வளவும் குறித்தால் போதும். சரியான வரியை வீட்டில் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். அதற்கும் நேரம் போதாவிட்டால் ஆய்வக வகுப்பு நாளில் ஆசிரியரிடம் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவார்கள். மதிப்பெண் கூட்டிக் கேட்க வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள், அதில்தான் பலர் தயங்குவார்கள்.

கார்த்திகைப்பூ:
சார், மேடம், கடைசியாக ஒன்று. இரண்டு மதிப்பெண் வரையறைகள். நிறுத்து மின்னழுத்தத்துக்கு "ஒளிமின்னோட்டத்தைச் சுழியாக்கும் மின்னழுத்தம்" என்று எழுதி 1 வாங்கியிருக்கிறேன். பொதுக் குறிப்பில் சொந்த நடையில் எழுதலாம் என்று இருப்பதாக எங்கள் சார் சொன்னார். அப்படியானால் இது ஏன் குறைகிறது?

கரும்பலகை:
சொந்த நடையில் எழுதலாம், கருத்து மாறாமல், எந்தக் குறிப்பையும் விடாமல் என்றுதான் அந்த வரி இருக்கும். பிள்ளைகளுக்கு முதல் பாதி மட்டும் போய்ச் சேர்கிறது. உன் விடையில் இரண்டு விஷயம் விடுபட்டிருக்கிறது. அது எதிர் மின்னழுத்தம் என்பது ஒன்று. அது நிறுத்துவது பெரும இயக்க ஆற்றல் கொண்ட எலக்ட்ரான்களை என்பது இன்னொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் நிறுத்து மின்னழுத்தத்திலிருந்து பெரும இயக்க ஆற்றலைக் கணக்கிடும் கேள்விக்கும் உனக்கு வழி தெரியாது. திருப்புதல் தாளில் அப்படி ஒரு கணக்கு வந்ததா?

கார்த்திகைப்பூ:
வந்தது. அதை விட்டுவிட்டு வேறு கேள்வி எழுதினேன்.

கரும்பலகை:
அப்படியானால் அதையும் நோட்டில் எழுது. எழுதாமல் விட்ட கேள்விகளை நீ இதுவரை எடுக்கவே இல்லை. ஒன்பதில் ஆறு எழுதினால் போதும் என்பதால் விட்ட மூன்றும் விடைத்தாளில் தெரியாது, வினாத்தாளைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். மூன்று தேர்விலும் எவற்றை விட்டாய் என்று பார்த்துவிட்டு வா. கட்டாயக் கேள்வியாக எது வரும் என்று தேர்வுக்கு முன்னால் யாருக்கும் தெரியாது.

மணல்மேடு:
நான் கதிர் ஒளியியலில் லென்சு கணக்குகளை எப்போதும் விட்டுவிடுவேன். பொதுத் தேர்வில் என் கட்டாயக் கேள்வி அதுதான் வந்தது.

கார்த்திகைப்பூ:
வினாத்தாள்களில் காலாண்டு மட்டும் கிடைக்கவில்லை, தோழியிடம் கேட்டிருக்கிறேன். அரையாண்டிலும் திருப்புதலிலும் விட்டவற்றைப் பார்த்தேன். இரண்டிலும் ஒளிமின் விளைவுக் கணக்கு இருக்கிறது. 31-வது கேள்வியின் திருத்தாத பக்கத்தை நாளைக்கு சாரிடம் காட்டப் போகிறேன்.